அழைப்பின்போது திரை கறுத்தே கிடக்கிறதா? ப்ராக்ஸிமிட்டி சென்சாரைச் சரிபார்த்துச் சீராக்கும் முழுமையான வழிகாட்டி

அக்கா ஒரு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்திருந்தார். மறுமுனையில் பதிவு செய்யப்பட்ட குரல், “இருப்பை அறிய இரண்டை அழுத்தவும்” என்றது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை கறுப்பு. தட்டினார், தேய்த்தார், பக்கத்துப் பொத்தானை அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. குரல் மூன்று முறை அதையே சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது. அதன் பிறகும் திரை எரியவில்லை. “தம்பி, டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்” என்று போனை என் கையில் கொடுத்தார்.

டிஸ்ப்ளே நன்றாகத்தான் இருந்தது. திரையை அணைக்கச் சொன்னது காதொலிப்பானுக்குப் பக்கத்தில் இருக்கும் கடுகளவு ப்ராக்ஸிமிட்டி சென்சார். போனைக் காதில் வைக்கும்போது கன்னம் பட்டு எதுவும் அழுந்தாதபடி திரையை அணைக்க வைப்பதுதான் அதன் வேலை. முன்னால் எதுவும் இல்லாதபோதும், ஏதோ ஒன்று ஒட்டி நிற்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது. அதை அப்படி நம்ப வைத்தது எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. மறைப்பு, அழுக்கு, அளவுத்திருத்தம் தவறியது என்று மூன்று காரணங்கள் இருக்கின்றன. இவற்றை எந்த வரிசையில் சோதிக்கிறோம் என்பது மிக முக்கியம். வரிசை மாறினால் ஒரு கோளாறு போய் அதற்கு நேர் எதிரான இன்னொரு கோளாறு வந்து சேரும்.

இப்போதே அழைப்பில் மாட்டிக்கொண்டிருந்தால்

முதலில் அவசர வழி. கம்பியுள்ள ஹெட்செட் இருந்தால் செருகுங்கள், அல்லது ஏற்கெனவே இணைத்துப் பழகிய ப்ளூடூத் இயர்போனை இயக்குங்கள். ஒலி ஹெட்செட்டுக்கோ ஸ்பீக்கருக்கோ மாறியவுடன் ஆண்ட்ராய்டின் அழைப்புச் செயலி சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிடும். காதில் வைத்துப் பேசாதபோது கன்னம் படும் கவலை இல்லை என்பதுதான் காரணம். பெரும்பாலும் அடுத்த நொடியே திரை எரிந்துவிடும். இது தப்பிக்கும் வழி மட்டுமன்று, முதல் சோதனையும்கூட. ஹெட்செட்டைச் செருகியதும் திரை வந்துவிட்டால், டிஸ்ப்ளேயில் குறையில்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

ஹெட்செட் இல்லையென்றால் பவர் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். சில போன்களில் திரை விழித்துக்கொள்ளும், சிலவற்றில் விழிக்காது. ஐபோனைக் காதில் வைத்துப் பேசும்போது பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் வழக்கமாக அழைப்பே துண்டிக்கப்படும். மறுமுனையில் இருப்பவரிடம் அழைப்பைத் துண்டிக்கச் சொன்னாலும் திரை உடனே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆண்ட்ராய்டில் அழைப்பு முடிந்த பிறகும் சென்சார் “விலகிவிட்டது” என்று சொல்லும்வரை திரையைக் கறுப்பாகவே வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. போன் இன்னும் கன்னத்தை ஒட்டியிருந்தால் தவறுதலாக எதுவும் தொடப்படக் கூடாது என்பதற்காகச் செய்தது அது. சென்சார் ஏமாந்திருக்கும்போது அதே ஏற்பாடு போன் செத்துவிட்டதைப் போலத் தோன்றச் செய்கிறது. அக்கா பயந்தது இதனால்தான்.

எதுவும் நடக்கவில்லையென்றால், பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும் ஒலிக் குறைப்புப் பொத்தானையும் சேர்த்துப் பத்து நொடிக்கு மேல் பிடித்திருந்தால் போன் மறுதொடக்கம் ஆகும். பொத்தான்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். அண்மைக்கால ஐபோன்களில் ஒலி கூட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, குறைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, ஆப்பிள் சின்னம் தெரியும்வரை பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும்.

சென்சார் எப்படி ஏமாறுகிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றப் படிகள் தாமாகவே விளங்கும்.

பெரும்பாலான போன்களில் இந்தச் சென்சாருக்குள் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு வீசும் சிறு எல்.இ.டி. மற்றொன்று, திரும்பி வரும் ஒளியை அளக்கும் ஃபோட்டோடயோடு. கன்னம் அருகில் வந்தால் ஒளி அதில் பட்டுத் திரும்பும், எண் ஏறும். கன்னம் விலகினால் எண் இறங்கும். சென்சாருக்குக் கன்னம் எது, கண்ணாடி எது என்று தெரியாது. எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

எதிரே எதுவும் இல்லாதபோதும் அந்த எண் பூஜ்ஜியமாக இருக்காது. சென்சார் மேல்கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. வீசிய ஒளியில் ஒரு சிறு பங்கு அந்தக் கண்ணாடியிலேயே பட்டு உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடும். இந்தச் சும்மா இருக்கும் எண்ணை இனி அடிமட்டம் என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு போனுக்கும் இதை அளந்து பதிந்து வைக்கிறார்கள். அதைத்தான் கேலிபரேஷன், அதாவது அளவுத்திருத்தம் என்கிறோம். கண்ணாடியின் மேல் எண்ணெய்ப் படலமோ, இன்னொரு கண்ணாடியோ, இடையில் காற்றுக்குமிழியோ வந்தால் உள்ளுக்குள் திரும்பும் ஒளி கூடும், அடிமட்டம் உயரும்.

அடுத்ததாக இரண்டு வரம்புகள். எண் மேல் வரம்பைத் தாண்டினால் சென்சார் “அருகில்” என்று சொல்லும். ஆனால் மீண்டும் “தொலைவில்” என்று சொல்ல, எண் மேல் வரம்புக்குக் கீழே வந்தால் போதாது. அதைவிடத் தாழ்வான கீழ் வரம்புக்கும் கீழே இறங்க வேண்டும். ஒரே வரம்பு இருந்தால், கன்னம் எல்லையில் நிற்கும்போது திரை படபடவென்று எரிந்து அணையும். அதைத் தவிர்க்கவே இந்த இடைவெளி.

இந்த இடைவெளியால், போன் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம். எண்ணை அழைத்த கணத்திலேயே, போன் மேசையில் கிடக்கும்போதே திரை கறுத்துவிட்டால், அடிமட்டம் மேல் வரம்பையே தாண்டிவிட்டது. அழைக்கும்போது திரை ஒழுங்காக எரிந்து, ஒருமுறை காதுக்குக் கொண்டுபோன பிறகு மட்டும் திரும்பி வர மறுத்தால், அடிமட்டம் இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. இரண்டாவது வகை பெரும்பாலும் இளம் நோய், துடைத்தாலே தீரக்கூடியது. முதல் வகைக்குக் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும்.

படி 1: கோளாறு இதுதானா என்று உறுதிசெய்தல்

ஸ்பீக்கரில் பேசும்போது அரை நிமிடத்தில் திரை அணைந்து, பவர் பொத்தானைத் தொட்டதும் வந்துவிட்டால், அது வழக்கமான திரை அணையும் நேரம். சென்சாருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சென்சாரைச் சோதிக்க யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் செய்தியை ஓடவிடுங்கள். காதில் வைத்தும் கேட்கலாம் என்பதால் அதுவும் இதே சென்சாரைப் பயன்படுத்துகிறது. போனை மேசையில் வைத்துக் குரல் ஓடும்போது, மேற்புறத்தில் உள்ளங்கையைக் குடைபோலக் கவித்தால் திரை அணைய வேண்டும், எடுத்தால் எரிய வேண்டும். எடுத்தும் எரியவில்லையென்றாலும், கவிக்கும் முன்பே அணைந்தாலும், நீங்கள் சரியான வழிகாட்டியைத்தான் படிக்கிறீர்கள்.

போனின் யு.எஸ்.பி. டிபக்கிங்கைக் கணினிக்கு முன்பே அனுமதித்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தெளிவான வழி உண்டு. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
adb shell "dumpsys power | grep -i proximity"
```

போனுக்கு எதிரே எதுவும் இல்லாதபோதும் `mProximityPositive=true` என்று வந்தால், திரையைக் கறுக்க வைப்பது சென்சார்தான். அழைப்பு இல்லாத நேரத்தில் இந்த வரியைப் பார்த்துப் பயனில்லை, அப்போது சென்சாரை யாரும் கேட்பதே இல்லை.

படி 2: சென்சார் எங்கே இருக்கிறது?

இது தெரியாமல் துடைப்பவர்கள் திரை முழுவதையும் பளபளப்பாக்கிவிட்டு, துடைக்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவார்கள். சென்சார் பெரும்பாலும் மேல் விளிம்பில், காதொலிப்பானின் இடமோ வலமோ, கருப்பு மை பூசிய பகுதிக்குக் கீழே இருக்கும். வெளிச்சத்தில் போனைச் சாய்த்துப் பார்த்தால் மையில் சற்று வேறு நிறத்தில் ஒன்றோ இரண்டோ சிறு வட்டங்கள் தெரியலாம். சில போன்களில் காதொலிப்பானின் மெல்லிய இடுக்குக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சில ஓ.எல்.இ.டி. போன்களில் திரைக்கே அடியில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியவில்லையென்றால், இன்னொரு போனின் கேமராவுக்குத் தெரியலாம். அறையை இருட்டாக்கி, குரல் செய்தியை ஓடவிட்டு, இரண்டாவது போனின் செல்ஃபி கேமரா வழியாக முதல் போனின் மேல் விளிம்பைப் பாருங்கள். அகச்சிவப்பை முழுதாக வடிகட்டாத கேமராவாக இருந்தால், ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னுவது தெரியும். அதுதான் எல்.இ.டி. புள்ளி தெரிந்தால் எல்.இ.டி. உயிரோடு இருக்கிறது என்பதும் சேர்ந்தே உறுதியாகிறது. தெரியாவிட்டால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கேமராவின் வடிகட்டி வலுவாகவும் இருக்கலாம். முதலில் ஒரு டிவி ரிமோட்டை அழுத்தி, அதன் ஒளி அந்தக் கேமராவில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: எண்ணைப் பார்ப்பது

கடைகளில் பெரும்பாலும் தவிர்க்கப்படும் படி இது. எனக்கு மிகவும் உதவியதும் இதுதான்.

பல சாம்சங் போன்களில் டயலரில் `*#0*#` என்று தட்டினால் சோதனைப் பக்கம் திறக்கும், அதில் `SENSOR` என்பதைத் தொடுங்கள். ஷாவ்மி போன்களில் `*#*#6484#*#*` தட்டினால் சி.ஐ.டி. என்ற சோதனைப் பட்டியல் வரும், அதில் ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்குத் தனி வரி இருக்கும். மற்ற நிறுவனங்களின் போன்களில் சென்சார்களின் மதிப்புகளைக் காட்டும் செயலி ஒன்றை நிறுவலாம். ஆனால் அவற்றில் பெரும்பாலும் 0 அல்லது 5 என்ற இரண்டே மதிப்புகள்தான் மாறி மாறி வரும். அந்த 5 என்பதைப் பார்த்து, சென்சார் ஐந்து சென்டிமீட்டரை அளந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 0 என்றால் “அருகில்”, 5 என்றால் “தொலைவில்”, அவ்வளவுதான் பொருள். நமக்கு உண்மையில் வேண்டியது சோதனைப் பக்கம் காட்டும் கச்சா எண்.

போனை நிழலான அறையில், திரை மேல்நோக்கி இருக்க மேசையில் வையுங்கள். மேலே ஒரு முழ உயரத்துக்கு எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. நேர் வெயிலில் சோதிக்க வேண்டாம், வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால் எண் நம்பத்தக்கதாக இராது. அடிமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளங்கையை மெல்ல இறக்குங்கள். சுமார் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நெருங்கியதும் “அருகில்” என்று மாறி, விலக்கியதும் திரும்பினால் சென்சார் நலமாக இருக்கிறது. கை வைக்காமலேயே “அருகில்” என்றால் அடிமட்டம் உயர்ந்திருக்கிறது. கையை வைத்தாலும் எடுத்தாலும் எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அது அழுக்கு அன்று. சென்சாரோ அதன் இணைப்போ கெட்டிருக்கிறது. அப்படியானால் அடுத்த இரண்டு படிகளும் உங்களுக்குத் தேவையில்லை.

படி 4: மறைப்பும் அழுக்கும், அக்காவின் போனில் நடந்தது

அக்காவின் போனின் சோதனைப் பக்கம் கச்சா எண்ணோடு இரண்டு வரம்புகளையும் காட்டியது. மேல் வரம்பு 330, கீழ் வரம்பு 220. எதிரே எதுவும் இல்லாமல் அடிமட்டம் 410. இந்த எண்கள் அந்த ஒரு போனுக்கு மட்டுமே உரியவை. உங்கள் போனில் அவை முற்றிலும் வேறாக இருக்கலாம். எண்கள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்கின்றன என்பதை மட்டும் பாருங்கள். 410 என்பது மேல் வரம்புக்கும் மேலே. அழைத்தவுடனே கறுத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டது.

முதலில் உறையைக் கழற்றினேன். உறையின் உயர்ந்த விளிம்போ, மடக்கு மூடியோ சென்சாரின் மேல் சாய்வது உண்டு. எண் மாறவில்லை. உறை குற்றமற்றது.

அடுத்து துடைத்தேன். கண்ணாடிக்கான மென்துணியின் ஒரு மூலையை 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் இலேசாக நனைத்து, மேல் விளிம்பை இடமிருந்து வலமாகத் துடைத்து, உலர்ந்த மூலையால் மீண்டும் துடைத்தேன். திரவத்தைப் போனின்மேல் நேராகத் தெளிக்கக் கூடாது. காதொலிப்பானின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கினால் அழுக்கைக் கரைத்துச் சென்சாரின் மேலேயே கொண்டுபோய் விடும். எண் 365 ஆக இறங்கியது. முகத்தின் எண்ணெய்ப் படலம் மட்டுமே 45 எண்களைக் கூட்டியிருந்தது என்று பொருள். ஆனாலும் இன்னும் மேல் வரம்புக்கு மேலேதான்.

பிறகு டெம்பர்ட் கிளாஸைக் கூர்ந்து பார்த்தேன். மேல் மூலையில் ஒட்டு விட்டு, மயிரிழை அளவு காற்று புகுந்திருந்தது. கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருந்தால் ஒளி திரும்புவதற்குக் கூடுதலாக இரண்டு பரப்புகள் கிடைத்துவிடுகின்றன. பழைய கிளாஸைப் பாதி உரித்துப் பார்த்துவிட்டு மீண்டும் ஒட்டலாம் என்று நினைக்க வேண்டாம். தூசி புகுந்த கிளாஸ் மறுபடி சரியாக ஒட்டாது. எடுப்பதென்றால் முழுதாக எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். எண் 290.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 290 என்பது மேல் வரம்பான 330க்குக் கீழே. அழைத்துப் பார்த்தேன், திரை எரிந்தது. அக்கா, “சரியாகிவிட்டது!” என்று மகிழ்ந்து காதில் வைத்தார். எடுத்தார். மீண்டும் கறுப்பு. கன்னத்தால் ஏறிய எண் 290க்குத் திரும்பியது, ஆனால் கீழ் வரம்பான 220ஐத் தொடவே இல்லை. சென்சார் “இன்னும் அருகில்தான்” என்று நிற்கிறது. எனவே திரை எரிவதைப் பார்த்து மட்டும் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. காதில் வைத்து எடுத்தும் பார்க்க வேண்டும். எண் கீழ் வரம்புக்குக் கீழே தங்க வேண்டும்.

மிச்சம் இருந்தது காதொலிப்பானின் இடுக்கு. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது வலையின் ஓரத்தில் வெளிர் நிறத்தில் ஒரு கோடு, முகப்பவுடரும் வியர்வையும் சேர்ந்து இறுகிய படிவு. இந்தப் போனில் சென்சாரின் சாளரம் அந்த இடுக்கை ஒட்டியே இருந்தது. உலர்ந்த மென்மையான பல் துலக்கியால், போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உதிர்வது கீழே விழும்படி ஒரே திசையில் மெல்லத் தள்ளினேன். ஊசியோ குண்டூசியோ வேண்டாம், வலை கிழியும். காற்றழுத்தக் குப்பியும் வேண்டாம், அது தூசியை உள்ளே தள்ளும். மூன்றாவது முறை தள்ளியதும் கோடு போனது. எண் 90.

காதில் வைத்தார், எடுத்தார், திரை எரிந்தது. பத்து முறை செய்து பார்த்தோம். புதிய கிளாஸ் ஒட்டியபோது மேற்பகுதியில் சென்சாரின் இடம் வெட்டிவிடப்பட்ட வகையைத் தேர்ந்தோம். ஒட்டிய பிறகு எண் 130. கிளாஸ் சற்றே கூட்டுவது இயல்புதான். 220க்குக் கீழே போதிய இடம் இருக்கிறது. விளிம்பு முழுவதும் கருப்புச் சட்டம் அச்சிட்ட கிளாஸ் என்றால், அதில் விட்டிருக்கும் துளை சென்சாரின் நேர் மேலே வருகிறதா என்று ஒட்டும் முன்பே வைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் சட்டம் ஒளியைத் திருப்பிவிடும்.

கவனியுங்கள், இந்த முழுக் கதையிலும் கேலிபரேஷன் பொத்தானை நான் தொடவே இல்லை.

படி 5: கேலிபரேஷன், கடைசியாக மட்டும்

சோதனைப் பட்டியலில் கேலிபரேஷன் என்ற வரியைப் பார்த்ததும் கை பரபரக்கும். அதை முதலில் அழுத்தினால் என்ன நடக்கும் என்று அக்காவின் எண்களை வைத்தே பார்ப்போம். அடிமட்டம் 410 ஆக இருக்கும்போது அழுத்தியிருந்தால், “எதிரே எதுவும் இல்லாதபோது 410 வரும்” என்று போன் பதிந்துகொண்டிருக்கும். வரம்புகள் அதற்கு மேலே நகர்ந்திருக்கும். திரை அன்றே சரியாகியிருக்கும், நாங்களும் மகிழ்ந்திருப்போம். ஒரு மாதம் கழித்து யாராவது கண்ணாடியையும் இடுக்கையும் துடைத்து, பழைய கிளாஸை மாற்றியிருந்தால் உண்மையான எண் 130க்கு இறங்கியிருக்கும். அங்கிருந்து உயர்த்தப்பட்ட வரம்பை எட்டக் கன்னம் திரையில் அழுந்தினாலும் போதாமல் போகலாம். அப்போது பேச்சின் நடுவே திரை எரிந்துகொண்டே இருக்கும். கன்னம் பட்டு மியூட் ஆகும், அழைப்பு துண்டிக்கப்படும். அழுக்கையும் சேர்த்துச் சரி என்று பதிந்துவிட்டதன் விளைவு அது.

இது கற்பனைக் கணக்கு மட்டுமன்று. நண்பர் ஒருவர் அழுக்குக் கிளாஸோடு கேலிபரேட் செய்து, கிளாஸை மாற்றிய பிறகு, மறுமுனைக்குத் தன் குரல் கேட்கவே இல்லை என்று மைக்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அவர் கன்னம்தான் மியூட்டை அழுத்தியிருந்தது. சுத்தமான கண்ணாடியோடு மீண்டும் கேலிபரேட் செய்ததும் தீர்ந்தது.

ஆகவே மறைப்பை நீக்கி, அழுக்கைத் துடைத்து, நீங்கள் நிரந்தரமாக வைத்திருக்கப் போகும் கிளாஸையும் உறையையும் போட்ட பிறகும் அடிமட்டம் இறங்கவில்லையென்றால் மட்டுமே கேலிபரேஷனுக்குச் செல்லுங்கள். போனை நிழலில் மேசைமேல் மல்லாக்க வைத்து, உங்கள் முகம், கை, மேசைவிளக்கு எதுவும் மேலே இல்லாமல் விலகி நின்று அழுத்துங்கள். குனிந்து பார்த்துக்கொண்டே அழுத்தினால், குனிந்த தலையும் அளவில் சேர்ந்துவிடலாம். சில போன்கள் தொடக்கத்தில் ஒரு முறை சென்சாரைக் கையால் மூடும்படி கேட்கும், திரையில் வரும் சொற்படி செய்யுங்கள். பிறகு முன்போலவே உள்ளங்கைச் சோதனையும், காதில் வைத்து எடுக்கும் சோதனையும்.

பட்டியலில் கேலிபரேஷன் வரியே இல்லையென்றால் சாதாரண மறுதொடக்கத்தை முயலுங்கள். சில போன்கள் இயங்கத் தொடங்கும்போதோ சென்சார் விழிக்கும்போதோ அடிமட்டத்தைத் தாமே அளந்துகொள்ளும். சட்டைப்பையில் இருந்தபடி மறுதொடக்கம் செய்தால் துணியையே அளந்துகொள்ளும் அபாயம் உண்டு. எனவே அதையும் மேசைமேல் மல்லாக்க வைத்தே செய்யுங்கள். ஐபோனில் பயனர் தொடக்கூடிய கேலிபரேஷன் எதுவும் இல்லை. வரம்புகள் மென்பொருளின் கையில் இருப்பதால் புதுப்பிப்பால் சென்சாரின் நடத்தை மாறவும் கூடும். 2010இல் ஐபோன் 4இல் எழுந்த ப்ராக்ஸிமிட்டி சென்சார் புகார்களை ஆப்பிள் ஐ.ஓ.எஸ். 4.1 புதுப்பிப்பில்தான் சரிசெய்தது. எனவே நிலுவையிலுள்ள புதுப்பிப்பு ஏதேனும் இருந்தால் நிறுவிப் பார்ப்பது வீண்வேலை அன்று.

டிஸ்ப்ளே மாற்றிய மறுநாளிலிருந்து தொடங்கினால்

அப்படியானால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், பழுது பார்த்த இடத்துக்கே எடுத்துச் செல்லுங்கள். எல்.இ.டி.க்கும் ஃபோட்டோடயோடுக்கும் நடுவே ஒளி கசியாமல் தடுக்க, பல போன்களில் சென்சாரைச் சுற்றி ஒரு சிறு கருப்பு ரப்பர் உறை இருக்கும். பழைய டிஸ்ப்ளேயோடு அது ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது உண்டு. ரப்பர் இல்லையென்றால் வீசிய ஒளி கண்ணாடியின் உட்புறத்தில் பட்டு நேராக டயோடுக்கே வந்துவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் எண் அசையாது. சென்சார் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும், மாற்று டிஸ்ப்ளேயின் சாளரத்தில் அகச்சிவப்பை ஊடுருவ விடாத மை பூசப்பட்டிருந்தாலும் இதே நிலைதான்.

“சென்சார் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் சென்சாரையே மாற்றச் சொல்வார்கள். “எதிரே எதுவும் இல்லாமலே எண் உயர்ந்து நிற்கிறது, கையை வைத்தால் இன்னும் ஏறுகிறது. ரப்பர் உறை இருக்கிறதா, சென்சார் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்” என்று சொல்லுங்கள். கையை வைத்தால் எண் ஏறுகிறது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது, அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஐபோன் எக்ஸ் முதலான பல மாடல்களில் இந்தச் சென்சார் காதொலிப்பானோடு சேர்ந்த தொகுப்பில் இருக்கிறது, அந்தத் தொகுப்பு ஃபேஸ் ஐடியோடு பிணைக்கப்பட்டது. அதைக் கண்டபடி மாற்றினால் ஃபேஸ் ஐடியை இழக்க நேரிடும்.

ஒளியே இல்லாத சென்சார்

மேலே சொன்ன எதற்கும் மசியாத போன்களும் உண்டு. சில மாடல்களில் அகச்சிவப்புச் சென்சாரே கிடையாது. காதொலிப்பான் வழியே மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, எதிரொலியை மைக்கில் கேட்டு, அருகில் யாரும் இருக்கிறார்களா என்று கணிக்கின்றன. 2016இல் வந்த ஷாவ்மி மி மிக்ஸ் இப்படித்தான் இயங்கியது. உங்கள் போன் எந்த வகை என்று அறிய, படி 1இல் சொன்னதுபோல யு.எஸ்.பி. டிபக்கிங்கை அனுமதித்த கணினியில் இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
adb shell "dumpsys sensorservice | grep -i prox"
```

வரும் பெயரில் `Elliptic` என்றோ `virtual` என்றோ இருந்தால் இந்த வகைதான் என்று கொள்ளலாம். இங்கே கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. காதொலிப்பானின் வலையும் மைக்கின் துளைகளும் அடைபடாமல் இருக்க வேண்டும். டெம்பர்ட் கிளாஸ் காதொலிப்பானின் ஓரத்தை மூடினாலும், உறை மேல் மைக்கின் துளையை அடைத்தாலும் எதிரொலி மாறிவிடும். நண்பரின் போனில் உங்கள் வைத்தியம் பலிக்கவில்லையென்றால் இதையும் சரிபாருங்கள்.

சென்சார் செத்தே போயிருந்தால்

எண் அசையாமல் நிற்கிறது, டிஸ்ப்ளேயை யாரும் திறந்ததும் இல்லை என்றால் மாற்றுவதுதான் முழுத் தீர்வு. அதுவரை சமாளிக்க, சில போன்களில் அழைப்புச் செயலியின் அமைப்புகளில் ப்ராக்ஸிமிட்டி சென்சாரை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறது, முதலில் அதைத் தேடுங்கள். அணைத்த பிறகு திரை எப்போதும் எரியும் என்பதால், காதில் வைக்கும் முன் கன்னம் படாதபடி பிடிக்கப் பழக வேண்டும்.

அந்தச் சுவிட்ச் இல்லையென்றால் ஆண்ட்ராய்டின் `Accessibility` அமைப்புகளில் `Power button ends call` என்பதை இயக்கிவையுங்கள். சாம்சங்கில் பக்கவாட்டுப் பொத்தானால் அழைப்பை முடிப்பது என்ற பெயரில் அதே பகுதியில் இருக்கும். திரை வராவிட்டாலும் அழைப்பையாவது உங்கள் கையால் முடிக்கலாம். இதை இயக்கியபின், பேச்சின் நடுவே திரையை வரவழைக்கப் பவர் பொத்தானைத் தொடக் கூடாது. தொட்டால் பேச்சு அறுந்துவிடும். எண்களை அழுத்த வேண்டிய அழைப்பு என்று தெரிந்தால், அழைத்தவுடனேயே ஹெட்செட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.